வீக்கம் வடிந்த பிறகும் தொடரும் மாத்திரை: ஸ்பைரோனோலாக்டோனும் எப்ளிரினோனும் இதயத்துக்கு எதற்கு?

இதயத்தில் பம்பிங் குறைந்தவர்களின் மருந்துச் சீட்டில் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. என்ற மாத்திரை அநேகமாக இருக்கும். அதே வேலையைச் செய்யும் இன்னொன்று எப்ளிரினோன். வீட்டில் இதற்குப் பெயர் ‘நீர் மாத்திரை’. மருந்துக் கடையிலும் அதே பெயர்தான். அந்தப் பெயரால் இரண்டு நேரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. கால் வீக்கம் வடிந்ததும், “இனி நீர் பிரிய வேண்டாமே” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இல்லாவிட்டால், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிக் கிடக்கும் நாளிலும் “இதய மாத்திரை, விடக்கூடாது” என்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதலாவது ஆயுளைக் குறைக்கும். இரண்டாவது சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கலாம்.

இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாத நிலைக்கு இதயச் செயலிழப்பு என்று பெயர். அதில் இந்த மாத்திரை நீருக்காகத் தரப்படுவது அல்ல. 25 மி.கி. அளவில் அது பிரிக்கும் சிறுநீர் சொற்பம். அந்த வேலைக்கு ஃப்ரூசமைடோ டோர்சமைடோ தனியாகக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் இது எதற்கு?

ஆல்டோஸ்டிரோன் செய்யும் வேலை

சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பில் ரத்த ஓட்டம் குறைந்தால் உப்பையும் நீரையும் பிடித்துவைப்பது அதன் பணி. ரத்தம் கொட்டினாலோ வெயிலில் வற்றினாலோ அது நம்மைக் காப்பாற்றும்.

பலவீனமான இதயம் ரத்தத்தைப் போதிய அளவு தள்ளாதபோது, சிறுநீரகம் அதையும் ரத்தம் வற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆல்டோஸ்டிரோன் ஓயாமல் சுரக்கிறது. சோடியம் உள்ளே தங்குகிறது, அதைத் தொடர்ந்து நீரும் தங்குகிறது, காலும் நுரையீரலும் கனக்கின்றன. இத்தோடு நின்றால் நீர் மாத்திரை போதும். ஆனால் இந்த ஹார்மோன் இதயத் தசையிலும் வேலை செய்கிறது. அங்கே தசை இழைகளுக்கு நடுவில் நார்த்திசு படிகிறது. நார் படிந்த தசை விறைக்கிறது, மின்துடிப்பு அதன் வழியே ஒழுங்காக ஓடாமல் தடுமாறுகிறது. திடீர் மரணத்துக்கு இது ஒரு காரணம்.

“இதயச் செயலிழப்புக்கு எனாலப்ரில், ராமிப்ரில் மாத்திரைகளும் தருகிறார்களே, அவை ஆல்டோஸ்டிரோனைக் குறைக்காதா?” என்று கேட்கலாம். குறைக்கும். ஆனால் சில மாதங்களில் பலருக்கு ஆல்டோஸ்டிரோன் மறுபடி ஏறிவிடுகிறது, ஏனென்றால் அது சுரக்க வேறு வழிகளும் உண்டு. அதனால்தான் அதை நேரடியாகவே தடுக்க ஒரு மருந்து தேவைப்படுகிறது.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் மருந்து

கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி பஸ் வந்து நிற்கும்போது, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு ஏறி வருகிறவர் துண்டைப் பார்த்ததும் நின்றுகொள்ள வேண்டியதுதான். ஆல்டோஸ்டிரோன் வேலை செய்ய, செல்லுக்குள் அதற்கென உள்ள ஓர் இருக்கையில் போய் உட்கார வேண்டும். அந்த இருக்கைக்கு ஏற்பி என்று பெயர். ஸ்பைரோனோலாக்டோனும் எப்ளிரினோனும் அந்த ஏற்பியில் துண்டு போடுகின்றன. ஹார்மோன் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் உட்கார இடம் கிடைக்காது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதில் அடங்கிவிடும். ஸ்பைரோனோலாக்டோன் துண்டை வீசும்போது பக்கத்துச் சீட்டுகளிலும் கொஞ்சம் விழுகிறது. அவை ஆண் ஹார்மோனுக்கு உரிய இருக்கைகள். அதனால் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி, தொட்டால் வலிக்கும். எப்ளிரினோன் குறி தவறாமல் போடும், விலைதான் கூடுதல். ஆகவே பெரும்பாலானோருக்கு முதலில் ஸ்பைரோனோலாக்டோன், மார்பு வலி வந்தால் எப்ளிரினோனுக்கு மாற்றம் என்பது நியாயமான முறை.

இதுவரை பார்த்தது: இதயம் பலவீனமானால் ஆல்டோஸ்டிரோன் அளவுமீறிச் சுரந்து இதயத் தசையையே கெடுக்கிறது. இந்த மாத்திரைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தடுக்கின்றன.

ஆயுள் கூடுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

1999-இல் வெளியான ‘ரேல்ஸ்’ ஆய்வுதான் திருப்புமுனை. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேர் அதில் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் எக்கோவில் பம்பிங் அளவு 35 சதவீதத்துக்கு மேல் இல்லை. பம்பிங் அளவு என்பது, இதயம் ஒருமுறை சுருங்கும்போது உள்ளிருக்கும் ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்பதன் சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் இயல்பு. பாதிப் பேருக்கு வழக்கமான மருந்துகளோடு ஸ்பைரோனோலாக்டோனும், மீதிப் பேருக்கு அதே மருந்துகளோடு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. சராசரியாக இரண்டு ஆண்டுகளில் வெற்று மாத்திரைக் குழுவில் 100-க்கு 46 பேரும் மருந்துக் குழுவில் 35 பேரும் இறந்தார்கள். 100 பேருக்கு 11 உயிர் மிச்சம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். மருந்து எடுத்த ஆண்களில் 10 சதவீதத்தினருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது.

எப்ளிரினோனுக்கும் இதேபோல் ஆதாரம் உண்டு. மாரடைப்புக்குப் பின் பம்பிங் குறைந்தவர்களிடம் 2003-இலும், மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும் லேசான நிலையில் இருந்தவர்களிடம் 2011-இலும் இறப்பு குறைந்தது. அதாவது கால் வீங்காதவருக்கும் இந்த மாத்திரையால் பலன் உண்டு.

ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். பம்பிங் நன்றாக இருந்தும் இதயம் விறைத்துப்போனதால் மூச்சு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஸ்பைரோனோலாக்டோன் இவ்வளவு தெளிவான உயிர்ப் பலனைக் காட்டவில்லை. இங்கே பேசுவது பம்பிங் குறைந்தவர்களைப் பற்றி மட்டும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை: பொட்டாசியம்

ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகத்தில் சோடியத்தை உள்ளே இழுக்கும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அந்த வேலையை நிறுத்தினால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும். லேப் ரிப்போர்ட்டில் 3.5 முதல் 5.0 வரை இயல்பு. சில லேப்கள் மில்லிமோல் என்றும் சில மில்லி ஈக்குவலண்ட் என்றும் போடும், பொட்டாசியத்துக்கு இரண்டிலும் ஒரே எண்தான். 5.5-ஐத் தாண்டினால் கவலை, 6.0-ஐத் தாண்டினால் அவசரம். இதயத் துடிப்பை நடத்தும் மின்னோட்டம் பொட்டாசியத்தை நம்பியிருப்பதால், அது ஏறினால் துடிப்பு மந்தமாகி, தாறுமாறாகி, நின்றும் போகலாம்.

இதில் மோசமான விஷயம், உடம்பு முன்கூட்டி எதையும் சொல்லாது. 6.0-ஐத் தாண்டியவர்கூட சாதாரணமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். கால் துவள்வதும் நாடி மெதுவாவதும் தெரியும்போது காலம் கடந்திருக்கும். “ஏதாவது செய்தால் டெஸ்ட் எடுத்துக்கலாம்” என்ற கணக்கு இந்த மாத்திரைக்கு ஒத்துவராது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது இதற்குச் சான்று. ரேல்ஸ் முடிவு வந்ததும் அங்கே ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவது சில மடங்கு கூடியது. இதயச் செயலிழப்புள்ள முதியவர்களில் பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் 1,000-க்கு 2.4 பேராக இருந்தார்கள், 2001-இல் அது 11 ஆனது. ரேல்ஸ் ஆய்வில் சிறுநீரகம் கெட்டவர்களைச் சேர்க்கவில்லை, ரத்தப் பரிசோதனையும் அட்டவணைப்படி நடந்தது. வெளியே அந்த இரண்டு கட்டுப்பாடும் தளர்ந்துவிட்டன. மருந்து அதேதான், அதைச் சுற்றியிருந்த காவல்தான் இல்லை.

தொடங்கும் முன்னும் தொடங்கிய பின்னும்

தொடங்க இரண்டு எண்கள் சரியாக இருக்க வேண்டும். பொட்டாசியம் 5.0-க்கு மேல் போகக்கூடாது. சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்கு மேல் இருக்க வேண்டும். கிரியாட்டினினையும் வயதையும் வைத்துக் கணக்கிடும் இந்த எண் ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் சோர்ந்தால் அது ஏறும்.

தொடக்க அளவு ஸ்பைரோனோலாக்டோன் 12.5 அல்லது 25 மி.கி., எப்ளிரினோன் 25 மி.கி., நாளுக்கு ஒருமுறை. எண்கள் இடம்கொடுத்தால் பின்னர் 50 வரை ஏற்றுவார்கள். பொட்டாசியமும் கிரியாட்டினினும் ஒரு வாரத்தில் ஒருமுறை, நான்காவது வாரத்தில் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். பிறகு முதல் ஓராண்டுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அதன்பின் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை. மாத்திரை அளவை ஏற்றினால் எண்ணிக்கை மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கும். நடைமுறையில் தவறிப்போவது அந்த முதல் வாரப் பரிசோதனைதான். சீட்டில் ‘ஒரு மாதம் கழித்து வரவும்’ என்று மட்டும் இருந்தால், நடுவில் ரத்தம் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கி மூடித் திறந்துகொண்டே இருந்தாலோ, மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்துபோனாலோ, பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். ரிப்போர்ட்டின் அடியில் ‘ஹீமோலைஸ்டு’ என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. அதற்காக 6.2 வந்த ரிப்போர்ட்டை, “லேப் தப்பாக இருக்கும்” என்று மறுவாரம்வரை வைத்திருக்கவும் கூடாது. அன்றே போய் மறுபரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும்.

ஒரு நோயாளியின் எண்கள்

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கடலூர் முதுநகரில் இருக்கும் 64 வயதுக்காரர். பம்பிங் 30 சதவீதம். பிப்ரவரியில் பொட்டாசியம் 4.4, கிரியாட்டினின் 1.3, ஈ.ஜி.எஃப்.ஆர். சுமார் 61. எனாலப்ரில், மெட்டோப்ரோலால், ஃப்ரூசமைடு எடுக்கிறார். ஃப்ரூசமைடு பொட்டாசியத்தை வெளியேற்றும் என்பதால் பொட்டாசியம் சிரப்பும் குடிக்கிறார்.

ஸ்பைரோனோலாக்டோன் 25 தொடங்கும் அன்றே டாக்டர் அந்த சிரப்பை நிறுத்துகிறார். இது முக்கியம். பழைய பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று வீட்டில் தொடர்ந்து ஊற்றிக் கொடுப்பது உண்டு. ஏழாம் நாள் பொட்டாசியம் 4.8, கிரியாட்டினின் 1.4. நான்காம் வாரம் 4.9, 1.4. இந்தச் சிறு ஏற்றம் எதிர்பார்த்ததே. மாத்திரை தொடர்கிறது, 50-க்கு ஏற்றவில்லை.

மே மாதம், கத்திரி வெயில். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. சோறு இறங்கவில்லை. “உடம்புக்குக் குளிர்ச்சி” என்று வீட்டில் தினம் இரண்டு இளநீர் தருகிறார்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக்கும் நடுவில் போகிறது. இதய மாத்திரைகள் ஒன்றுவிடாமல் தொடர்கின்றன. நான்காம் நாள் தலைசுற்றலோடு மருத்துவமனைக்கு வருகிறார். பொட்டாசியம் 6.2, கிரியாட்டினின் 2.4, ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே.

எது கெடுத்தது? உடம்பு வற்றியதால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்தது. வலி மாத்திரை அதை இன்னும் நெரித்தது. வெளியேறும் வாசல் ஏற்கெனவே ஸ்பைரோனோலாக்டோனாலும் எனாலப்ரிலாலும் பாதி மூடியிருந்தது. அந்த நேரத்தில் உள்ளே வந்தது இளநீர். 100 மில்லி இளநீரில் சுமார் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கும். 300 மில்லி உள்ள ஒரு காய், நிறுத்திய அந்த சிரப்பின் ஒரு வேளை அளவைக் கிட்டத்தட்ட எட்டிவிடும். சிரப்பை நிறுத்திவிட்டு இளநீரைக் கொடுத்தால் கணக்கு அதேதான். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பொட்டாசியம் உண்டு, ஆனால் இளநீரில் லிட்டருக்கு அதைவிட இரண்டரை, மூன்று மடங்கு இருக்கிறது.

ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் கால்சியம் குளூக்கோனேட் ஊசி, பிறகு பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள குளூக்கோஸோடு இன்சுலின் என்று மருத்துவமனை வேலை தொடங்கும். ஸ்பைரோனோலாக்டோனும் எனாலப்ரிலும் அன்றே நிறுத்தப்படுகின்றன, வலி மாத்திரையும்தான். ஒரு வாரத்தில் வயிறு சரியாகி, பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 1.4.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ஸ்பைரோனோலாக்டோன் நிறுத்தம்’ என்று எழுதியது அப்படியே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. நிறுத்தக் காரணமான வயிற்றுப்போக்கு போய்விட்டது, மாத்திரையின் பலன் தேவைப்படும் இதயம் அப்படியே இருக்கிறது. இவருக்கு 12.5 மி.கி. தினமும், அல்லது 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மறுபடி தொடங்கி, ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் எண்களைப் பார்ப்பதே சரியான வழி. முதலில் எனாலப்ரிலா, இதுவா என்ற வரிசையை டாக்டர் முடிவு செய்வார். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், மறுபடி ஏறும்போது எதனால் என்று தெரியாது.

எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது

பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழ் இறங்கினாலோ பொதுவாக அளவைப் பாதியாக்குவார்கள். சில டாக்டர்கள் 5.5-லேயே தற்காலிகமாக நிறுத்திவிட்டு 5.0-க்குக் கீழ் வந்ததும் தொடங்குவார்கள். 6.0-ஐத் தாண்டினாலோ ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் கீழ் போனாலோ உடனே நிறுத்தம்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் எண் வரும்வரை காத்திருக்காமல், அன்றே டாக்டரிடம் பேசி இந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும். மெட்டோப்ரோலால் போன்ற துடிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது. ஸ்பைரோனோலாக்டோனின் வீரியம் உடம்பிலிருந்து இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், தாமதமாக நிறுத்துவது நிறுத்தாததற்குச் சமம். வழக்கம்போல் சாப்பிடத் தொடங்கியபின் மறுபடி தொடங்கும் நாளையும் அதே பேச்சில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மருந்துகளும் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றில் கவனம் வேண்டும். எப்ளிரினோன் எடுப்பவர் படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோலையும், நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசினையும் சேர்க்கவே கூடாது. அவை எப்ளிரினோன் உடைவதைத் தடுத்து ரத்தத்தில் தேக்கிவிடும். தோல் டாக்டரிடம் இதயச் சீட்டைக் காட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை, இதற்காகவாவது காட்டுங்கள்.

சமையலறையில் முதல் எதிரி ‘லோ சோடியம்’ உப்பு. உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று நல்லெண்ணத்தில் வாங்குவார்கள், ஆனால் அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. சாதா உப்பையே குறைவாகப் போடுங்கள். பண்ருட்டிப் பலா சீசனில் இரண்டு சுளை தின்பது, எண்கள் நன்றாக இருப்பவருக்குக் குற்றமில்லை. 5.0-ஐத் தொட்டு நிற்பவர் பலாவையும் இளநீரையும் தள்ளிவைப்பது நல்லது.

கூட்டு மாத்திரையில் ஒளிந்திருப்பது

நம் ஊரில் ஃப்ரூசமைடோ டோர்சமைடோ ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்து ஒரே மாத்திரையாக நிறைய விற்கிறது. பலவற்றில் ஸ்பைரோனோலாக்டோன் 50 மி.கி. இருக்கும். இதனால் இரண்டு சிக்கல். ஒருவர் கூட்டு மாத்திரையும் தனி 25-உம் சேர்த்து எடுத்து, தெரியாமலே 75 மி.கி.யில் இருப்பார். இன்னொருவரிடம் ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தச் சொன்னால் கூட்டு மாத்திரையை நிறுத்துவார், அதோடு நீர் பிரிக்கும் மருந்தும் போய், சில நாட்களில் மூச்சுத்திணறலோடு வருவார். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் மில்லிகிராமையும் படித்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’ என்று இருந்தால் இருமுறை படியுங்கள்.

பம்பிங் ஏறிவிட்டால் நிறுத்தலாமா?

30-இல் இருந்த பம்பிங் 50-ஐ எட்டியதும் வரும் கேள்வி இது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயத்தசை நோயிலிருந்து மீண்டு எக்கோ சரியாகிவிட்டவர்களுக்குக் கண்காணிப்போடு இதய மருந்துகளைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 100-க்கு 44 பேருக்கு நோய் திரும்பியது. அந்தக் காலத்தில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் யாருக்கும் திரும்பவில்லை. எல்லா மருந்தையும் நிறுத்திய ஆய்வு அது, இந்த ஒன்றை மட்டும் அல்ல. ஆனாலும் எக்கோ நன்றாக வந்தது என்பதற்காக மட்டும் இதை நிறுத்த எந்த டாக்டரும் அவசரப்படாததற்குக் காரணம் அதுதான். மார்பு வலி தாங்கவில்லை என்றால் எப்ளிரினோன் இருக்கிறது. பொட்டாசியம் அடிக்கடி ஏறினால் பாதி அளவு இருக்கிறது, குடலிலேயே பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் பொடி மருந்துகளும் இருக்கின்றன. சிறுநீரகம் மீளாமல் கெட்டுப்போய், குறைந்த அளவிலும் எண்கள் நிற்காதவருக்குத்தான் இந்த மாத்திரை நிரந்தரமாக நிறுத்தப்படும்.